78 நாளா, 70 நாளா?

“அக்டோபர்–மார்ச்சில் 74 நாள்தான் சம்பளம். ஆகஸ்டில் முதல் பிரசவம். 78 நாள் இல்லாததால் இ.எஸ்.ஐ. பணம் வராது என்கிறார் மேனேஜர்.”

சகோதரி, 78 நாள் என்பது நோய்க்கால உதவித்தொகைக்கான விதி. மகப்பேற்றுக்கு, முந்தைய இரண்டு ஆறு மாதச் சந்தா காலங்களில் மொத்தம் 70 நாள் சந்தா இருந்தால் போதுமானது என்பதால், உங்களுக்குத் தகுதி உண்டு. சராசரி தினக் கூலி முழுமையாக 26 வாரங்களுக்குக் கிடைக்கும்; பிரசவத் தேதிக்கு முன் எட்டு வாரங்களுக்கு மேல் எடுக்க இயலாது.

இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரிடம் பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதிக்கான சான்றிதழைப் பெற்று, வங்கிக் கணக்கு விவரத்துடன் கிளை அலுவலகத்தில் கோரிக்கைப் படிவத்தைக் கொடுங்கள். அந்த வாரங்களில் கூலிக்கு வேலை செய்தால் உதவித்தொகை கிடைக்காது.

கர்ப்பத்தால் உடல்நலம் குன்றினால், மருத்துவச் சான்றின்பேரில் மகப்பேற்றுத் தொகையே மேலும் ஒரு மாதம் நீட்டிக்கப்படும். ஆனால் அக்டோபர்–மார்ச் சந்தாவை வைத்தே தகுதி முடிவாகும் ஜூலை–டிசம்பரில் சாதாரணக் காய்ச்சலுக்கு நோய்க்காலத் தொகை கோரினால், அங்கே அந்த நான்கு நாள் குறைவு உங்களைத் தடுத்துவிடும். சம்பளத்துடன் எடுத்த விடுப்பு நாள்கள் கணக்கில் விடுபட்டிருக்கின்றனவா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்.