குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் மாவு விற்கிறேன், எண் முடங்கிவிட்டது: என்ன செய்வது?

"வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எங்கள் அடுக்ககக் குழுவிலும் பக்கத்துத் தெருக் குழுக்களிலுமாக ஆறு இடங்களில் தினமும் காலையில் போடுவேன். போன வாரம் என் வாட்ஸ்அப் எண்ணை ஒரு நாள் முடக்கிவிட்டார்கள், ஒரு குழுவிலிருந்து நீக்கியும் விட்டார்கள். 2,000 ரூபாய் கொடுத்தால் 10,000 எண்களுக்கு அனுப்பித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"
வாசகி, சென்னை

அந்த நபருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். எண் ஏன் முடங்குகிறது என்பது முதலில் புரிய வேண்டும். நீங்கள் அனுப்பும் செய்தியை வாட்ஸ்அப் நிறுவனம் படிப்பதில்லை. ஒரே மூச்சில் எத்தனை இடங்களுக்கு அனுப்புகிறீர்கள், எத்தனை பேர் உங்களைத் தடுத்தார்கள், எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பன போன்ற நடத்தைகளைத்தான் அது கவனிக்கிறது. ஆனால் யாராவது ஒருவர் புகார் பொத்தானை அழுத்திவிட்டால், அந்த உரையாடலில் கடைசியாக வந்த ஐந்து செய்திகள் வரை நிறுவனத்தின் பார்வைக்குப் போகும். ஓர் எழுத்துகூட மாறாத அதே மாவு விளம்பரம் அங்கே திரும்பத் திரும்பத் தென்பட்டால், உங்கள் பக்க நியாயத்தைச் சொல்ல ஆளே இருக்காது.

ஆகவே ஆறு குழுக்களை இரண்டாகக் குறையுங்கள். நீங்கள் குடியிருக்கும் அடுக்ககம் ஒன்று; நடந்துபோய்க் கொடுக்கக்கூடிய தெரு ஒன்று. அந்த இரு குழுக்களின் அட்மின்களுக்கும் தனிச்செய்தி அனுப்பி, வாரத்தில் எந்த நாளில், எத்தனை முறை போடலாம் என்று கேளுங்கள். "சனிக்கிழமை ஒரு முறை போடுங்கள்" என்று அவர் எழுத்தில் சொல்லிவிட்டால், பின்னால் யாராவது முணுமுணுத்தாலும் அவரே உங்களுக்காகப் பேசுவார். விளம்பரத்தை ஃபார்வர்டு செய்யாமல் அந்தந்தக் குழுவுக்கென்று புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். "பி பிளாக், இரண்டாம் தளம். இன்று மாலை 5 முதல் 8 வரை இட்லி மாவு கிடைக்கும், கிலோ 60 ரூபாய். வேண்டுவோர் தனிச்செய்தியில் சொல்லவும்" என்ற அளவு போதும். கடைசி வரிதான் மிக முக்கியம். "எனக்கு ஒன்று", "எனக்கு இரண்டு" என்று குழுவில் நாற்பது பதில்கள் குவிவதுதான் குடியிருப்போரை எரிச்சலூட்டுகிறது. ஒரேயொரு விளம்பரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தினமும் வாங்குபவர்களுக்கென்று நீங்களே தனிக் குழு ஒன்று தொடங்கி, அதன் இணைப்பை அட்மின் அனுமதியோடு ஒரு முறை மட்டும் பகிருங்கள். விரும்புகிறவர்கள் தாமாகவே வந்து சேரட்டும். நீங்களாக யாரையும் இழுத்துச் சேர்க்காதீர்கள். பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதால், முதல் முறை வாங்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த இடைத்தரகர். இவர்கள் விற்கும் 10,000 எண்களும் யாருடைய ஒப்புதலும் இல்லாமல் எங்கிருந்தோ திரட்டப்பட்டவை. மதுரையில் இருப்பவருக்கு உங்கள் மாவு எதற்கு? அவர் செய்யப்போவது புகார்தான். அதைவிடக் கொடியது, "ஒரு க்யூஆர் குறியீட்டை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள் அம்மா" என்று அவர்கள் கேட்பது. அப்படி ஸ்கேன் செய்தால் உங்கள் வாட்ஸ்அப் கணக்கு அவர்களுடைய கணினியிலும் திறந்துகொள்ளும். உங்கள் குடும்ப உரையாடல்களை அவர்கள் படிக்கலாம், உங்கள் பெயரில் யாருக்கும் பணம் கேட்டு எழுதலாம். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், இப்போதே Linked devices என்ற பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கருவி எதுவாக இருந்தாலும் அதை வெளியேற்றுங்கள். "தடையில்லாமல் அனுப்பலாம்" என்று சொல்லி அவர்கள் தரும் மாற்று வாட்ஸ்அப் செயலிகளையும் நிறுவாதீர்கள். கணக்கு முடங்க அதுவே போதுமான காரணம்.

சனிக்கிழமை விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு விசேஷத்துக்கு அரைத்த மாவு, ஆர்டர் ரத்தானதால் இருபது கிலோ தேங்கிவிட்டது, நாளைக்குப் புளித்துவிடும் என்றால், இடையில் ஒரு நாள் போடலாம். அப்போதும் முதலில் அட்மினிடம் கேட்டு, காரணத்தையும் அளவையும் செய்தியிலேயே எழுதுங்கள். விற்றுத் தீர்ந்ததும், 15 நிமிடங்களுக்குள் என்றால் அதே செய்தியைத் திருத்தி "தீர்ந்தது" என்று சேர்க்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் திருத்த முடியாது, அனைவருக்குமாக நீக்கிவிடுங்கள். இரண்டு நாள் வரை அதற்கு அவகாசம் உண்டு. அப்படிச் செய்தால் இரவு பத்து மணிக்கு மாவு கேட்டு யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். ஆனால் மாதம் இரண்டு முறை ஆர்டர் ரத்தாகிறது என்றால் அது விலக்கு ஆகாது, உங்கள் அட்மினும் நம்ப மாட்டார்.

மீண்டும் முடக்கினால், செயலியின் திரையிலேயே தோன்றும் மறுபரிசீலனைக் கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். கோடிக்கணக்கான எளியவர்கள் பிழைப்புக்கு நம்பியிருக்கும் ஒரு சேவை, எந்தச் செய்திக்காக முடக்கினோம் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் கதவை அடைப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அந்த மௌனத்தைத்தான் "முடக்கத்தை நீக்கித் தருகிறோம்" என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அவர்களிடம் அதற்கான அதிகாரமோ தனி வழியோ கிடையாது. ஆறு இலக்க ஓடிபி எண்ணை அவர்கள் கேட்டால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள்.