சம்பளம் நின்று, சம்பளம் வரும் வரை

கேள்வி: வயது 33. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எம்.காம். படித்திருக்கிறேன். அடுத்த ஜூலையில் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு பி.எட். சேர ஆசை. கைக்கு வருவது 48,000; மனைவி வீட்டில் தைத்துச் சுமார் 9,000 சம்பாதிக்கிறார். வீட்டுச் செலவு 31,000தான். பைக் கடன் 3,800, ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டுக்கு 5,000. இரண்டும் இன்னும் பத்து மாதம். ஆனாலும் மாதம் 10,000க்கு மேல் மிஞ்சுவதில்லை. வைப்புத்தொகை 2,10,000, பி.எஃப். சுமார் 3 லட்சம். மகள் இரண்டாம் வகுப்பு. எவ்வளவு சேர்த்த பிறகு வேலையை விடலாம்? பி.எஃப். பணத்தை நம்பலாமா?

பதில்: கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் முதலில் ஒரு பொருந்தாக் கணக்கைக் காட்டுகிறேன். வருமானம் 57,000. வீட்டுச் செலவு, தவணை, சீட்டு எல்லாம் போனால் 17,200 மிஞ்ச வேண்டும். மிஞ்சுவது 10,000. மாதம் 7,200 எங்கே போகிறது?

அது மாதச் செலவே அல்ல; ஆண்டுக்கு ஒரு முறை வருபவை. என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வங்கிக் கணக்கு விவரத்தை அல்ல, மொய் நோட்டை. மகளின் பள்ளிக் கட்டணம் 28,000, தீபாவளி பொங்கலுக்கு 22,000, மொய்யும் சீரும் 24,000, பைக் காப்பீடும் பழுதும் 7,000, குலதெய்வக் கோயில் பயணம் 5,000 என்று வைத்துப் பாருங்கள்; 86,000 ஆகிவிடும். உங்கள் வீட்டில் தலைப்புகள் மாறலாம், தொகை இதை ஒட்டித்தான் இருக்கும். வேலையை விட்டவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 31,000ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, முதல் ஐப்பசியில் கையைப் பிசைகிறார்கள். மாணவராகிவிட்டீர்கள் என்பதற்காக மச்சான் வீட்டுக் காதுகுத்து தள்ளிப்போகாது.

இரண்டாவது, மாதங்களின் எண்ணிக்கை. பி.எட். 24 மாதம். ஆனால் உங்களுக்குத் தேவையானது கடைசிச் சம்பளத்துக்கும் முதல் ஆசிரியர் சம்பளத்துக்கும் இடைப்பட்ட காலம். தனியார் பள்ளிகள் பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டியே ஆள் எடுக்கின்றன. தேர்வோ முடிவோ தள்ளிப்போய் அந்தப் பருவத்தைத் தவறவிட்டால், நடுவில் யாராவது விலகும் வரை காத்திருக்க வேண்டும். நான்கு மாதம் கூட்டி 28 என்று வையுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வு மனதில் இருந்தால், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அறிவிப்பு எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே அதற்குத் தயாராகலாம்.

இனி தொகை. வீட்டுச் செலவை 27,000க்குக் குறைக்க முடியும் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகிற பெட்ரோல், வெளிச்சாப்பாடு போன்றவை தானாகவே குறையும். ஆண்டுச் செலவுகளை மாதத்துக்கு 6,000 ஆக்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு 1,500. ஆக 34,500. மனைவியின் வருமானத்தில் 7,000 மட்டும் எழுதுங்கள். தையலில் ஆடி மாதம் ஒரு மாதிரி, தீபாவளிக்கு முன் ஒரு மாதிரி. நீங்கள் இரண்டு சிறு நிறுவனங்களுக்கு மாலையில் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுத்தால் 5,000 வரக்கூடும். அதற்கு மேல் எடுக்காதீர்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு 11, 20 ஆகிய தேதிகளில் வரும். இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சியும் சேர்ந்துகொண்டால் தூக்கம் போய்விடும்.

பற்றாக்குறை மாதம் 22,500. இருபத்தெட்டு மாதத்துக்கு 6,30,000. கல்லூரிக் கட்டணம், பதிவேடுகள், கற்பித்தல் கருவிகள் எல்லாவற்றுக்கும் இரண்டு ஆண்டுக்கு 1,40,000 என்று வைக்கிறேன். நீங்கள் சேரவிருக்கும் கல்லூரியில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அவசரத்துக்குத் தனியாக ஒரு லட்சம். மொத்தம் 8,70,000.

கையில் என்ன இருக்கும்? இந்த மாதமே 34,500க்குள் வாழத் தொடங்குங்கள் என்பதுதான் என் முக்கிய ஆலோசனை. சேமிப்புக்கு மட்டுமல்ல, ஒத்திகைக்கும் அது. முதல் பத்து மாதம் 13,700, தவணையும் சீட்டும் முடிந்ததும் 22,500 மிஞ்சும். ஓராண்டில் ஏறத்தாழ 1,80,000. பணிக்கொடை உங்களுக்கு உண்டு, ஐந்தாண்டு தாண்டிவிட்டீர்கள். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படை 24,000 என்றால் எட்டு ஆண்டுக்கு 1,10,000 சொச்சம். வைப்புத்தொகையையும் சேர்த்தால் ஐந்து லட்சம். பற்றாக்குறை 3,70,000.

எனவே அடுத்த ஜூலை வேண்டாம். அதற்கடுத்த ஜூலையில் சேருங்கள். கூடுதல் ஓராண்டில் 2,70,000 சேரும். எஞ்சுவது ஒரு லட்சம்தான். அதைக் கல்லூரிக் கட்டணத்துக்கான கல்விக் கடன் பார்த்துக்கொள்ளும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணையச் சொத்து கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை தொடங்காது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஓராண்டு தள்ளிப்போவது கசக்கும், தெரியும். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது: கடன் தீர்ந்த பிறகு ஒரு மாதம் வேலையில் இருந்தால், ஒரு மாதப் படிப்புக்கான பணம் அப்படியே சேர்ந்துவிடுகிறது.

பி.எஃப். இந்தக் கூட்டலில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அது கடைசித் தடுப்பு. வேலையில்லாதவர் பணம் எடுக்கும் விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. உரிய தேதியில் கைக்கு வரும் என்று கட்டணத் தேதியை அதன் மேல் ஏற்ற முடியாது. என்னிடம் வந்த ஒருவருக்கு, ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவும் பி.எஃப். பதிவில் இனிஷியலாகவும் இருந்ததால் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பியது. நிறுவனம் ‘விலகிய தேதி’யைப் பதியாமல் விட்டாலும் இதே கதைதான். வேலையில் இருக்கும்போதே பெயர், பிறந்த தேதி இரண்டையும் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும். தனிக் காப்பீட்டில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரைகூட ஆகலாம். அந்தக் காலம் சம்பளம் வரும்போதே ஓடத் தொடங்கட்டும்.

சேர்ந்த பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஆறு மாதத் தொகை சேமிப்புக் கணக்கில், மீதி மூன்று மாதத்துக்கு ஒன்றாக முதிர்கிற வைப்புகளில். ஒவ்வொரு 1ஆம் தேதியும் 22,500 மட்டும் வீட்டுச் செலவுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஒத்திகைக் காலத்திலேயே 25ஆம் தேதிக்குள் பணம் தீர்ந்து, தொடர்ந்து மூன்று மாதம் சேமிப்பில் கை வைத்தால், 34,500 என்பது உங்கள் வீட்டு எண் அல்ல. மாதம் 3,000 கூடினால் 28 மாதத்தில் 84,000. அவசரத் தொகை ஏறக்குறைய முழுவதும் போய்விடும்.

பத்து மாதம் கழித்துச் சீட்டு முடிந்ததும், ‘இன்னொரு சீட்டு சேருங்களேன்’ என்று நடத்துகிறவர் வீட்டுக்கு வருவார். எடுத்துவிட்ட சீட்டும் ஒரு கடன்தான்; சேராதீர்கள். ராஜினாமா கடிதத்தைக் கல்லூரிச் சேர்க்கை ஆணை கையில் வந்த பிறகு கொடுங்கள். முன்னறிவிப்புக் காலம் இரண்டு மாதம் என்றால், சேர்க்கைக்கு முன்பே மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி, கடைசி நாளை நெகிழ்வாக வைக்க முடியுமா என்று கேட்டுவையுங்கள்.