யாருக்குத் தர வேண்டிய கடன் இது?

ஐயா, வணக்கம்.

மன்னார்குடி பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஓர் அரிசி ஆலை இருக்கிறது. 2024 ஏப்ரலில்தான் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றி, 90 லட்சத்துக்கு டிரையரும் கலர் சார்ட்டரும் புதிதாகப் போட்டோம். அப்பாவுக்கு முடியாததால் கணக்கு வழக்கை நான் பார்க்கிறேன். முதல் வருஷம் லாபம் 40 லட்சம். வருமான வரி 8,85,914 ரூபாய் கட்டினோம். ஆனால் லாப நஷ்டக் கணக்கில் வரிச் செலவு 10,06,720 என்று இருக்கிறது. மிச்சம் 1,20,806 ரூபாய் பேலன்ஸ் ஷீட்டில் ‘டெஃபர்டு டாக்ஸ் லயபிலிட்டி’ என்று நிற்கிறது. “கட்டாத வரியை ஏன் செலவு எழுதினாய்? யாருக்குத் தர வேண்டிய கடன் இது?” என்று அப்பா கேட்கிறார். ஆடிட்டர் விளக்கியும் எனக்குப் புரியவில்லை. கணக்குத் தாள்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இன்றைய தேதியில் அது யாருக்கும் தர வேண்டிய பணம் இல்லை. வருமான வரித் துறை இதற்கு நோட்டீஸ் அனுப்பாது, வட்டி கேட்காது. அப்படியிருந்தும் அது கணக்கில் இருக்க வேண்டிய தொகைதான். ஏன் என்பது நீங்கள் அனுப்பிய தாள்களிலேயே இருக்கிறது. அதில் இரண்டு தேய்மானப் பட்டியல்கள் உண்டு. அவற்றை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பட்டியல் கம்பெனிச் சட்டப்படி போட்டது. பொதுவான இயந்திரங்களுக்கு ஆயுள் 15 வருஷம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 5 சதவீதம். 90 லட்சத்தில் 4.5 லட்சத்தை ஒதுக்கிவிட்டு, மீதி 85.5 லட்சத்தை 15 ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 5.7 லட்சம் வருகிறது. உங்கள் ஆலை ஒரு ஷிஃப்ட்தான் ஓடுகிறது என்று பட்டியலின் அடியில் குறித்திருக்கிறார்கள். இரண்டு ஷிஃப்ட் ஓடினால் அந்த நாட்களுக்குத் தேய்மானம் ஒன்றரை மடங்காகும், அதனால் அந்தக் குறிப்பு முக்கியம்.

இரண்டாவது பட்டியல் வருமான வரிக்குப் போட்டது. அங்கே ஆயுள் கணக்கெல்லாம் கிடையாது. வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் 15 சதவீதம். முதல் வருஷம் 13.5 லட்சம், அடுத்து 11.475 லட்சம், அதற்கடுத்து ஏறத்தாழ 9.75 லட்சம் என்று இறங்கிக்கொண்டே போகும்.

ஆக முதல் வருஷம் வரிக் கணக்கில் 7.8 லட்சம் தேய்மானம் கூடுதலாகக் கழிந்திருக்கிறது. இதைச் சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. இயந்திரம் ஒன்றுதான், அதன் விலையும் ஒன்றுதான். இப்போது அதிகம் கழித்தால் பின்னால் கழிக்க அவ்வளவு குறைவாகத்தான் இருக்கும். நம் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, பயிர் வாடுகிறது என்று ஒருவர் அடுத்த முறையில் தனக்கு வர வேண்டிய நாளையும் முன்கூட்டியே வாங்கிப் பாய்ச்சிக்கொள்வார். அவர் பங்குதான், யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஆனால் அடுத்த முறையில் அவர் மடை அந்த அளவுக்குக் குறைவாகத்தான் திறக்கும். அந்தக் குறைவை இன்றைக்கே ஏட்டில் எழுதி வைப்பதுதான் டெஃபர்டு டாக்ஸ்.

எப்போது திரும்பும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறாவது வருஷம் வரித் தேய்மானம் 5.99 லட்சம், இன்னும் கொஞ்சம் கூடுதல். ஏழாவது வருஷம் 5.09 லட்சம். கம்பெனிக் கணக்கிலோ அதே 5.7 லட்சம். அதாவது ஆறு வருஷம் ஏறி, சுமார் 21.86 லட்சம் வித்தியாசம் சேர்ந்த பிறகு, ஏழாவது வருஷத்திலிருந்து இறங்கத் தொடங்கும். அதன் பிறகு நீங்கள் கட்டும் வரி, காட்டும் லாபத்துக்கு உரிய வரியைவிட அதிகமாக இருக்கும். இன்றைக்கு எழுதி வைக்காவிட்டால் அன்றைக்கு ஆலையைப் பார்ப்பவருக்கு ஏன் இவ்வளவு வரி என்று புரியாது.

சரி, 1,20,806 எப்படி வந்தது? உங்கள் கம்பெனி புதிய வரித் திட்டத்தில் இருப்பதால் 22 சதவீத வரி, அதன் மேல் 10 சதவீத சர்சார்ஜ், 4 சதவீத செஸ் எல்லாம் சேர்த்து 25.168 சதவீதம். 7.8 லட்சத்துக்கு அது 1,96,310 ரூபாய். இது லயபிலிட்டி. எதிர்ப்பக்கம் ஒரு பதிவு இருக்கிறது, பார்த்தீர்களா? தொழிலாளர் கிராஜுவிட்டிக்காக 3 லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கம்பெனிக் கணக்கில் அது இந்த வருஷச் செலவு. வருமான வரியில், ஒதுக்கினேன் என்றால் ஏற்கமாட்டார்கள். ஃபோர்மேன் ஓய்வு பெற்றுப் பணம் கைமாறும் வருஷத்தில்தான் கழிக்க விடுவார்கள். (அங்கீகரிக்கப்பட்ட கிராஜுவிட்டி ஃபண்டில் கட்டியிருந்தால் அந்த வருஷமே கழிந்திருக்கும், இந்த வித்தியாசமே வந்திருக்காது.) ஆகவே 3 லட்சத்துக்கான வரி 75,504 ரூபாயை முன்னதாகவே கட்டிவிட்டீர்கள். இது டெஃபர்டு டாக்ஸ் அசெட். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் உங்கள் 1,20,806.

உங்கள் ஆடிட்டர் போட்டது சரியா என்று நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. 40 லட்சத்தை 25.168 சதவீதத்தால் பெருக்குங்கள். 10,06,720 வரும். கட்டிய வரியும் டெஃபர்டு டாக்ஸும் சேர்ந்து இந்தத் தொகைக்கு டாலி ஆக வேண்டும், ஆகிறது. ஆகாவிட்டால் இரண்டில் ஒன்று. தப்பாகப் போட்டிருக்க வேண்டும், அல்லது எப்போதுமே திரும்பாத வித்தியாசம் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். உதாரணமாக, ஊர்த் தேரோட்டத்துக்குக் கம்பெனி 50,000 ரூபாய் கொடுத்துச் செலவு எழுதியிருந்தால், வரியில் அது இந்த வருஷமும் கழியாது, எந்த வருஷமும் கழியாது. அதற்கு டெஃபர்டு டாக்ஸ் போடக் கூடாது. மொத்த வரிச் செலவு 12,584 ரூபாய் கூடித்தான் நிற்கும். அபராதம் கட்டினாலும் இதே கதிதான்.

அடுத்த வருஷம் ஒரு தப்பு நடக்க வாய்ப்பு அதிகம், இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷக் கடைசியில் தேய்மான வித்தியாசம் மொத்தம் 13.575 லட்சமாக இருக்கும். அதற்கு வரி 3,41,656. இது பேலன்ஸ் ஷீட்டில் நிற்க வேண்டிய தொகை. லாப நஷ்டக் கணக்குக்குப் போக வேண்டியது முந்தைய வருஷத்து 1,96,310 ஐக் கழித்த 1,45,346 மட்டும். நிற்கும் தொகை முழுவதையும் அந்த வருஷச் செலவாக எழுதிவிட்ட கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன டாலியைப் போட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும்.

அசெட் பக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. லயபிலிட்டியை யாரும் ஆசைப்பட்டு எழுதுவதில்லை. அசெட்டை எழுத ஆசை வரும்.

2018 நவம்பர் 16 இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கூரைத் தகரம் முழுக்கப் பறந்துபோய், குடோனில் நெல் மூட்டைகள் நனைந்து முளைவிட்டு நின்றன. மூட்டைக்குள் கையை விட்டால் சூடு அடிக்கும். அந்த வருஷம் வரிக் கணக்கில் 80 லட்சம் நஷ்டம். வியாபார நஷ்டத்தை எட்டு வருஷம் வரை எடுத்துச் சென்று பின்வரும் லாபத்தில் கழிக்கலாம். அப்படியானால் 80 லட்சத்துக்கு, அன்றைய 26 சதவீதத்தில், 20.8 லட்சம் வரி வருங்காலத்தில் மிச்சம், அதை அசெட்டாக எழுதுங்கள் என்றார் முதலாளி. வங்கிக்குக் காட்டும் நஷ்டம் 59.2 லட்சமாகக் குறையும் அல்லவா. அடுத்த ஐந்து வருஷ லாபத்தை மதிப்பிட்டு ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்ததும் நான்தான். எழுதினார்கள்.

எழுதியிருக்கக் கூடாது. உங்கள் கம்பெனிக்கும் பொருந்தும் ஏஎஸ் 22 என்ற கணக்கியல் தரநிலை இதில் இரண்டு படிகள் வைத்திருக்கிறது. கிராஜுவிட்டி போன்ற சாதாரண வித்தியாசத்துக்கு, பின்னால் அதைக் கழிக்கப் போதுமான லாபம் வரும் என்ற நியாயமான உறுதி இருந்தால் போதும். ஆனால் பழைய நஷ்டமோ கழியாமல் நிற்கும் தேய்மானமோ கணக்கில் இருந்தால், லாபம் வரும் என்பது கிட்டத்தட்ட நிச்சயமாக இருக்க வேண்டும், அதற்கு நம்பத்தகுந்த ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். நாமே போட்ட மதிப்பீட்டு அட்டவணை ஆதாரம் ஆகாது. ரத்து செய்தால் பெரிய நஷ்ட ஈடு தர வேண்டிய, லாபம் தரும் ஏற்றுமதி ஆர்டர் போல, எதிராளியைக் கட்டிப்போடும் காகிதம் வேண்டும். மேட்டூர் ஜூன் 12 இல் திறந்துவிடும், குறுவை நன்றாக வரும், அரவைக்கு நெல் கிடைக்கும் என்பதெல்லாம் நம் நம்பிக்கை. ஆதாரம் அல்ல.

அந்த ஆலையில் எழுதத்தக்க அளவு ஒன்று இருந்தது. உங்களைப் போலவே அவர்களுக்கும் தேய்மானத்தால் 6 லட்சம் லயபிலிட்டி நின்றது. அது திரும்பும்போது வரிக்குரிய வருமானம் உண்டாவது உறுதி, பருவமழையைப் பொறுத்ததல்ல. அதனால் 6 லட்சம் வரை அசெட் எழுதியது சரி. மீதி 14.8 லட்சத்தை அடுத்த வருஷ ஆடிட்டில் நீக்க வேண்டியதாயிற்று. கூரை போட்டு, கடன் வாங்கி நெல் பிடித்து, ராப்பகலாக ஓட்டிச் சம்பாதித்த லாபம் முழுவதையும் அந்த ஒரு பதிவு தின்றுவிட்டு, ஆலை இரண்டாவது வருஷமும் நஷ்டம் என்றே நின்றது. வங்கியில் அதற்கு விளக்கம் சொல்ல நானும் போனேன். முதல் வருஷமே 14.8 லட்சத்தை விட்டிருந்தால், புயல் வருஷத்து நஷ்டம் என்று எல்லோரும் புரிந்துகொண்டிருப்பார்கள்.

உங்கள் 75,504 க்கு இந்தச் சிக்கல் இல்லை. நஷ்டம் எதுவும் இல்லை, எதிரே பெரிய லயபிலிட்டி நிற்கிறது. நாளைக்கு வெள்ளமோ வறட்சியோ வந்து ஒரு வருஷம் நஷ்டமானால் அப்போது எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அப்பாவுக்குக் காட்ட ஒரு தாள் போதும். இடப்பக்கம் கம்பெனிக் கணக்குப்படி இயந்திரத்தின் இன்றைய மதிப்பு 84.3 லட்சம், வலப்பக்கம் வரிக் கணக்குப்படி 76.5 லட்சம், நடுவில் வித்தியாசம் 7.8 லட்சம் என்று எழுதுங்கள். அதன் கீழே கிராஜுவிட்டி 3 லட்சம். ஒவ்வொரு மார்ச் 31 க்கும் இதே தாளில் ஒரு வரி சேர்த்துக்கொண்டே வாருங்கள். புதிதாக இயந்திரம் வாங்கினால் வித்தியாசம் மறுபடி ஏறும், அதையும் அதில் குறியுங்கள்.