வெள்ளைத் தாளில் பிரித்த வீடு

"பூர்வீக வீட்டில் பங்குத் தகராறு. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாமா, கோர்ட்டுக்குப் போவதுதான் நல்லதா? செட்டிநாட்டுப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

எங்கள் வீட்டுக் கதையில் இரண்டும் உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். என் அப்பாவின் அப்பாவான ஐயாவுக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். அவர் 1990இல் உயில் எழுதாமல் இறந்தார். 1998இல் பங்காளிகளில் மூத்தவர்கள் நாலு பேர் எங்கள் முகப்பில் உட்கார்ந்தார்கள். மூன்றே மாலைகள், செலவு காபிப் பொடியும் சர்க்கரையும்தான். நடு முற்றமான வளவைச் சுற்றி இருந்த ஆறு அறைகளில் ஆளுக்கு இரண்டு, அதுவும் திருவுளச்சீட்டுப் போட்டு. முகப்பு, கிணறு, சாமி அறை மூன்றும் பொது. முன்னோருக்கு வைக்கும் படைப்புச் செலவு வருஷம் ஒருவர் முறை. மழைக்காலத்தில் எந்த அறை ஒழுகும் என்பதுகூட அந்தப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒழுகும் அறை விழுந்தவருக்கு ஓடு மாற்ற மற்ற இருவரும் பணம் தர வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். இப்படி ஒரு வரியை எந்தத் தீர்ப்பிலும் நீங்கள் பார்க்க முடியாது.

ஆனால் எழுதியது ஒரு வெள்ளைத் தாளில். அத்தையைக் கூப்பிடவும் இல்லை. "சீர் செய்து அனுப்பியாயிற்று, அவள் இப்போது புருஷன் வீட்டுக் கோயிலைச் சேர்ந்தவள்" என்றார்கள். அத்தை அன்று இரண்டாம் கட்டில் காபி கலந்துகொண்டிருந்தார்.

2017இல் அத்தை பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். எங்கள் வக்கீலுக்கு நம்பிக்கை இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மகளுக்குச் சம பங்கு தந்தாலும், அது அமலுக்கு வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருந்தது. ஐயாதான் 1990இலேயே போய்விட்டாரே! 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பு வந்து அது மாறிவிட்டது. அப்பா முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு.

எங்களிடம் மிச்சம் இருந்த ஒரே வாதம், "1998இலேயே பிரித்துவிட்டோம்" என்பதுதான். அதற்கும் சட்டம் இடம் தரவில்லை. 20.12.2004க்கு முன் நடந்த பாகப்பிரிவினை, பதிவான பத்திரமாகவோ கோர்ட் தீர்ப்பாணையான டிகிரியாகவோ இருந்தால்தான் மகளின் உரிமையைத் தடுக்கும். வாய்மொழிப் பிரிவினையை அபூர்வமாக ஏற்கலாம், அதற்கும் அரசு ஆவணத்தில் தடயம் வேண்டும். எங்கள் வீட்டு வரி ரசீது அப்போதும் ஐயா பெயரில் ஒரே ரசீதாக வந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "இன்று முதல் இப்படிப் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதினால் அந்தத் தாளே பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகிவிடும், பதிவு செய்தே ஆக வேண்டும். "ஏற்கெனவே பேசிப் பிரித்துக்கொண்டதை ஞாபகத்துக்காக எழுதிவைக்கிறோம்" என்றால் பதிவு கட்டாயம் இல்லை. எங்கள் தாளில் இருந்தது முதல் வகை. இரண்டாவது வகையாக இருந்திருந்தாலும் அத்தை விஷயத்தில் காப்பாற்றியிருக்காது.

2021இல் முதல்நிலை டிகிரி: நாலில் ஒரு பங்கு அத்தைக்கு. சரி, முடிந்தது என்று நினைத்தோம். இல்லை. முதல்நிலை டிகிரி யாருக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எந்தச் சுவர் யாருக்கு என்பதற்கு இறுதி டிகிரி மனு தனியாகப் போட வேண்டும். கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் டேப்போடு வந்து அளந்தார். வளவைக் குறுக்கே வெட்டினால் யாருக்கும் பயன்படாது என்று அறிக்கை கொடுத்தார். அப்படிப்பட்ட சொத்தை, பாதிப் பங்குக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் கேட்டால், விற்றுப் பணமாகப் பிரிக்கக் கோர்ட் உத்தரவிடலாம். பங்கின் அளவைக் கோர்ட் துல்லியமாகச் சொல்லிவிட்டது. ஆனால் வீட்டைத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லுமாகக் கழற்றிக் கொண்டுபோக ஆள் காத்திருக்கும் ஊரில், அந்த உத்தரவு வந்தால் என்ன ஆகும் என்பது அதன் கவலை இல்லை.

மறுபடி பெரியவர்களிடம் போனோம். அந்த நாலு பேரில் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். இந்த முறை அத்தையும் முகப்பில் உட்கார்ந்தார், பேச்சைத் தொடங்கியதும் அவரே. அவர் பங்கை மகன்கள் மூவரும் விலை கொடுத்து வாங்குவது, இரண்டு தவணை, படைப்பன்று சாமி அறைக்கு வர அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரிமை. அந்தப் பேச்சை அப்படியே மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டோம். அங்கே தரும் அவார்டு டிகிரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. தவணை தவறினால் கோர்ட் மூலமே நிறைவேற்றலாம்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: பேசுவதைப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள், மகள்களையும் இறந்தவர்களின் வாரிசுகளையும் முதல் நாளே உட்கார வைத்து. முடிவைப் பதிவு அலுவலகத்திலோ லோக் அதாலத்திலோ கொண்டுபோய் வையுங்கள். வழக்கே போடாமலும் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். அபராதம், ஊர்விலக்கு என்று மிரட்டும் பஞ்சாயத்தாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் நம் மாநில வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது.

அப்புறம், வீட்டு வரி ரசீது யார் பெயரில் வருகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.