பதில்: நேர்காணலுக்குத் தாமதமாகும்போது என்ன எழுதுவது?

"சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு நேர்காணலுக்குப் போகிறேன், அண்ணா. காலை 10 மணிக்கு வரச் சொன்னார்கள். செம்பனைக் குலை லோரிகளால் நெரிசல். அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் என்ன எழுதுவது?"

தம்பி, தாமதம் உறுதியென்று தெரிந்தவுடனே, 10 மணி ஆவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். நேரம் கடந்தபின் வரும் செய்தி வெறும் சாக்காகவே தோன்றும். நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால், எண்ணெய் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

வேஸ் செயலி 10:04 என்று காட்டினால் அதை அப்படியே எழுதிவிடாதீர்கள், ஏனெனில் அது சாலையை மட்டுமே கணக்கிடுகிறது. வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கும் காவலாளியிடம் பெயர் பதிவதற்கும் பத்து நிமிடம் சேர்த்து 10:15 என்று சொல்லுங்கள். சொன்னதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் நல்லது. இரண்டாவது முறை நேரத்தை மாற்றிக் கேட்பதுதான் உண்மையில் கெடுக்கும்.

"வணக்கம் புவான். நான் (பெயர்), கணக்கு எழுத்தர் பணிக்கு இன்று 10 மணி நேர்காணலுக்கு வர வேண்டியவன். சாலை நெரிசலால் 10:15-க்குள் வந்து சேர்வேன். சிரமத்திற்கு மன்னிக்கவும். அந்நேரம் பொருந்தாவிட்டால், உங்களுக்கு ஏற்ற நேரத்தைத் தெரிவியுங்கள், காத்திருக்கிறேன்."

பணியின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் பலரைப் பார்ப்பவருக்கு உங்கள் எண் அறிமுகமில்லாத எண்தான். லோரிக் கதை வேண்டாம். அவர் மலாயில் எழுதியிருந்தால் நீங்களும் மலாயிலேயே எழுதுங்கள். ஐந்து நிமிடத்தில் நீலக் குறி வராவிட்டால், அலுவலக எண்ணுக்கு அழைத்து வரவேற்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.