மூடிக்குக் கீழே கோப்பை இருக்கிறது: குளியலறை ஓட்டை பற்றிச் சில கேள்விகள்

அண்ணை, வீட்டில் நாங்கள் நாலு பெண்கள், எல்லாருக்கும் நீளத் தலைமுடி. குளித்து முடிய முன்னமே தண்ணி கணுக்கால் மட்டுக்கும் நிற்குது. கடையில் சொன்னார்கள் என்று ஒரு போத்தல் அசிட் வாங்கி ஊற்றினோம். இரண்டு நாள் நல்லாய்ப் போனது, பிறகு பழைய கதைதான். நிலத்தை உடைக்க வேணுமா? (பரந்தன்)

உடைக்க வேண்டாம் தங்கச்சி. பத்து வீட்டில் எட்டு வீட்டில் அடைப்பு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

அசிட் முடியைக் கரைக்காது. உங்கள் வாளியின் உள்பக்கத்தில் வெள்ளையாய் ஒரு படை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் கிணற்றுத் தண்ணியில் வரும் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பும் சவர்க்காரமும் சேர்ந்தால் தயிர்க்கட்டி போல ஒரு சாம்பல் பசை உண்டாகும். அது முடியோடு முடியை ஒட்டவைக்கும். நீங்கள் ஊற்றிய அசிட் அந்தப் பசையில் கொஞ்சத்தைத் தின்று சின்னதாய் ஒரு வழி விட்டது. முடி இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு நாள் குளித்ததும் வழி திரும்ப மூடிக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

சரி, இப்போது என்ன செய்வது? அசிட் ஊற்றிய ஓட்டை என்றபடியால் முதலில் நாலைந்து வாளி தண்ணி மெதுவாய் ஊற்றி, அது முழுக்க இறங்கும்வரை காத்திருங்கள். கையில் ரப்பர் உறை போடுங்கள். யன்னலையும் கதவையும் திறந்து விடுங்கள். பிறகு தட்டை வாய்த் திருப்புளியால் வலை மூடியின் ஒரு விளிம்பை நெம்பித் தூக்குங்கள்.

மூடி வந்ததும் வேலை முடிந்ததாய்ப் பலர் நினைக்கிறார்கள். மேலே கிடக்கும் முடியைப் பொறுக்கிவிட்டு மூடியை வைத்து விடுவார்கள். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளின் குளியலறை ஓட்டைகளில் பெரும்பாலானவற்றில் மூடிக்குக் கீழே கவிழ்த்து வைத்த ஒரு கோப்பை இருக்கும். சிலதில் அது மூடியோடு ஒட்டியே வரும், சிலதில் தனியாய் இருக்கும். கோப்பையைத் தூக்கினால் நடுவில் ஒரு குட்டைக் குழாய் நிமிர்ந்து நிற்பது தெரியும். அதைச் சுற்றி வட்டமாய் ஒரு பள்ளம், அதில் தண்ணி. குளிக்கிற தண்ணி அந்தப் பள்ளத்தில் இறங்கி, கோப்பையின் விளிம்புக்குக் கீழால் புகுந்து, திரும்ப மேலே ஏறி, நடுக்குழாய்க்குள் விழுந்து வெளியே போகிறது. பள்ளத்தில் நிற்கும் அந்தத் தண்ணிதான் குழாயின் நாற்றத்தையும் கரப்பானையும் மறிக்கிறது. முடி போய்ச் சிக்குவதும் அங்கேதான், கோப்பை விளிம்புக்கும் பள்ளத்தின் அடிக்கும் இடையில்.

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு வீட்டில் கோப்பையைத் தூக்கினேன். அது தனியாய் வரவில்லை. நடுக்குழாயைச் சுற்றி மாலை போட்டதுபோல ஒரு முடித்திரி, சாம்பல் நிறம், விரல் மொத்தம். குறட்டால் ஒரு முனையைப் பிடித்து, இழுக்காமல், நூல் சுற்றுவதுபோல ஒரே பக்கமாய்ச் சுற்றினேன். வெடுக்கென்று இழுத்தால் பாதி அறுந்து உள்ளே போய்விடும். சுற்றச் சுற்ற முழுவதும் ஒன்றாய் வந்தது, ஒரு முழம் இருக்கும். அதோடு ஒரு ஷாம்பூ பக்கெட்டின் மூலைத் துண்டு. எல்லாம் அந்தத் துண்டில் தொடங்கியதுதான்.

அதன் பிறகு நடுக்குழாய்க்குள்ளே பார்க்க வேணும். இதற்கு ஒரு வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி போதும், ஒன்றரைச் சாண் நீளமானது. இரண்டு ஓரத்திலும் கத்தரிக்கோலால் சரிவாய்ச் சின்னச் சின்ன வெட்டு வெட்டுங்கள், மீன் முள்ளுப்போல மேல்நோக்கி நிற்கவேணும். உள்ளே விட்டு, சுற்றி, மெதுவாய் இழுத்தால் முடி முள்ளில் மாட்டி வரும். முடியைக் கீழே தள்ள மட்டும் தள்ளாதீர்கள். இங்கே கைக்கு எட்டுவது, தள்ளினால் வளைவில் போய் நிற்கும், அப்போது உண்மையிலேயே நிலம் உடைக்க வேண்டி வரும்.

பள்ளத்தின் அடியில் மணல் கிடந்தால் பழைய கரண்டியால் அள்ளுங்கள். வயலுக்குப் போய் வருகிறவர்கள் கால் கழுவும் வீடுகளில் இது கட்டாயம் இருக்கும். மிச்ச வழுவழுப்பைப் போத்தல் கழுவும் தூரிகையில் பாத்திரச் சவர்க்காரம் போட்டு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணி விட்டுத் தேய்க்கலாம். கொதிதண்ணி வேண்டாம், பி.வி.சி. குழாய் 60 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும், ஒட்டிய இடம் விட்டுப்போகும்.

கடைசியில் கோப்பையைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு வாளித் தண்ணியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கொஞ்சம் தேங்கி, உடனே சுழித்துக்கொண்டு இறங்கினால் சரி. கோப்பை இல்லாமல் வேகமாய் இறங்கி, கோப்பை வைத்ததும் மந்தப்பட்டால் கோப்பையின் உள்பக்கத்தை விரல் விட்டுப் பாருங்கள், அங்கே இன்னும் படை இருக்கும்.

அப்பச்சோடாவும் வினாகிரியும் போட்டால் நுரைத்துக்கொண்டு அடைப்பு எடுபடுமாமே? (மாங்குளம்)

நுரைக்கும். பார்க்க நல்லாய் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணிதான். முடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வினாகிரியை வீணாக்காமல் வேறு இடத்தில் பாவியுங்கள்: வலை மூடியில் வெள்ளையாய்ப் படிந்த சுண்ணாம்புக்கு அது நல்ல மருந்து. பாதி வினாகிரி, பாதி தண்ணி, அரை மணித்தியாலம் ஊறவிட்டுப் பழைய பல்தூரிகையால் தேய்த்தால் துளையெல்லாம் திறக்கும்.

கடையில் வெள்ளைச் செதிளாய் விற்கும் காஸ்டிக் சோடா முடியைக் கரைக்கும் என்கிறார்கள். அது உண்மையா? (விசுவமடு)

உண்மைதான், கரைக்கும். ஆனாலும் வீட்டில் போடச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை. தண்ணி பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் கண் போகும். அலுமினிய மூடி என்றால் மூடியையே தின்னும். முதல்நாள் அசிட் ஊற்றிய ஓட்டையில் அடுத்த நாள் இதைப் போட்டால் சூடேறி முகத்துக்கு எதிரே பீறிட்டு வரும். அதோடு எங்கள் குளியலறைத் தண்ணி எங்கே போகிறது? வாழைக்கும் தென்னைக்கும்தானே. கையால் பத்து நிமிடத்தில் எடுக்கக்கூடிய முடிக்கு இவ்வளவு வில்லங்கம் தேவையில்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன்: அசிட்டையும் குளோரின் திரவத்தையும் ஒரே நாளில் ஒரே ஓட்டையில் ஊற்றாதீர்கள். வருகிற புகை நெஞ்சை அடைக்கும் நச்சு. அடைத்த சின்னக் குளியலறையில் அது விளையாட்டில்லை.

மகனின் வீடு, அவர் கனடாவில். மாதம் ஒருக்கால் போய்க் கூட்டித் துடைப்பேன். கதவைத் திறந்தால் குளியலறையில் தாங்க முடியாத நாற்றம். ஒருவரும் குளிக்காத இடத்தில் எப்படி நாறும் தம்பி? (ஒட்டுசுட்டான்)

ஐயா, ஒருவரும் குளிக்காததால்தான் நாறுகிறது. மேலே சொன்ன பள்ளத்துத் தண்ணி வற்றிவிட்டது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அது இன்னும் கெதியாய் வற்றும். தண்ணி வற்றினால் குழாய்க்கும் வீட்டுக்கும் நடுவில் மறிப்பு ஒன்றும் இல்லை.

இதில் முடிக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளத்தில் ஒரு முனையும் நடுக்குழாய்க்குள் மறு முனையுமாய் நாலு முடி விளிம்பில் தொங்கினால் போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணியைத் துளித்துளியாய் இழுத்து வெளியே விட்டுவிடும். புழங்கும் வீட்டில் தெரியாது, தண்ணி திரும்பத் திரும்ப நிரம்பும். பூட்டிய வீட்டில்தான் தெரியும். ஆகவே முதலில் கோப்பையைத் தூக்கி ஒரு முடியும் மிச்சமில்லாமல் துடையுங்கள். பிறகு ஒரு வாளி தண்ணி ஊற்றி, பூட்டிக்கொண்டு வரமுன் ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து தண்ணி ஆவியாவதைக் குறைக்கும்.

கோப்பை இருக்கிறதா என்றும் பாருங்கள். “தண்ணி கெதியாய்ப் போகட்டும்” என்று கோப்பையைக் கழற்றி எறிந்த மேசன்மாரை நான் கண்டிருக்கிறேன். கோப்பை இல்லாவிட்டால் எவ்வளவு தண்ணி ஊற்றினாலும் நாற்றம் நிற்காது.

குளியலறைச் சுவரில் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சி, இறகு விரித்த அந்துப்பூச்சி போல. மருந்து அடித்தால் சாகுது, அடுத்த கிழமை திரும்ப வருது. (புதுக்குடியிருப்பு)

அதன் குஞ்சு வளர்வது ஓட்டையின் உள்பக்க வழுவழுப்பில். சுவரில் இருப்பதை அடித்துப் பயனில்லை. சந்தேகம் இருந்தால் இரவு மூடி காய்ந்தபிறகு ஒட்டும் நாடாவை ஒட்டுகிற பக்கம் கீழே இருக்க ஓட்டைக்கு மேல் ஒட்டி விடுங்கள், காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு. விடிய நாடாவில் பூச்சி ஒட்டியிருந்தால் ஊற்று அதுதான். கோப்பையின் உள்ளும் வெளியும், பள்ளத்தின் சுவர், நடுக்குழாயின் வாய், எல்லாவற்றையும் தூரிகையால் தேயுங்கள். தண்ணி மட்டும் ஊற்றினால் வழுவழுப்பு அசையாது, உரஞ்ச வேணும். முட்டையில் இருந்து பூச்சியாக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும் என்பதால் மூன்று கிழமைக்கு, கிழமைக்கு இரண்டு தரம் தேயுங்கள்.

நீங்கள் சொல்கிற மாதிரி எல்லாம் எடுத்தாச்சு, கோப்பையும் பளிச்சென்று இருக்கு. ஆனாலும் தண்ணி நிற்குது. (நெடுங்கேணி)

அப்படியானால் வெளியே போய்ப் பாருங்கள். குழாய் முடியும் இடத்தில் வாழை வேர் உள்ளே புகுந்திருக்கலாம், அல்லது மண் மூடியிருக்கலாம். உள்ளே ஒருவரை வாளியோடு நிறுத்தி, நீங்கள் வெளி முனையில் நில்லுங்கள். ஊற்றிய தண்ணி சொட்டாய் வந்தால் அடைப்பு இடையில் இருக்கிறது. தண்ணி முனைவரை வந்து அங்கேயே முட்டி நின்றால் ஊறுகுழி நிரம்பிவிட்டது. கார்த்திகை, மார்கழியில் மழை பெய்து நிலம் ஊறிக் கிடக்கும்போது இது வரும். அப்போது முடியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நிலத்தடித் தண்ணி இறங்கும்வரை குளிப்பைக் கிணற்றடிக்கு மாற்றுங்கள்.

எடுத்த முடியை என்ன செய்வது? கொமெட்டில் போட்டுத் தண்ணி அடிக்கலாமா? (பரந்தன், அதே தங்கச்சி)

போடாதீர்கள், அங்கேயும் அதே வேலையைக் காட்டும். வளவில் கோழி கிளறும் பக்கத்திலும் எறிய வேண்டாம். நீள முடி கோழியின் கால்விரலில் சுற்றி இறுகிக் காலை வீங்கவைக்கும். எரித்தால் அயலில் இருந்து சத்தம் வரும். தென்னைக்குக் கீழே ஒரு முழம் தோண்டித் தாட்டு விடுங்கள்.