பத்திரம் நாற்பது பக்கம், கேள்வி ஒன்று

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 2025 நவம்பரில் ஒரு கண்ணில் கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் 62,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 10 அன்று 2 லட்சத்துக்கு எடுத்தோம், 2024 புதுப்பித்தலில் 3 லட்சமாக்கினோம், இடையில் விடுபடவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. விண்ணப்பத்திலேயே சொல்லிவிட்டோம், அதற்குக் காத்திருப்பு 36 மாதம் என்று பத்திரத்தில் இருக்கிறது. அப்பா, "பணம் வருமா, எவ்வளவு வரும், அது மட்டும் பாத்துச் சொல்லு" என்றார். பிடிஎஃப்பில் `cataract` என்று தேடி, வந்த இடங்களையும் கண் சம்பந்தமான மற்ற இடங்களையும் தொகுத்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இணைத்திருக்கிறேன். படித்துவிட்டு, "சரி, வருமா வராதா?" என்கிறார். சுருக்கம் என்பது எத்தனை வார்த்தை இருக்க வேண்டும்? புள்ளி போட்டு எழுதலாமா, பத்தியாகவா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அப்பாவுக்காக உட்கார்ந்து நாற்பது பக்கத்தைப் புரட்டியிருக்கிறீர்கள். அதற்கு மனமும் பொறுமையும் வேண்டும், இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் அப்பா கேட்டது சரிதான். நீங்கள் எழுதியது கண்ணைப் பற்றிய தொகுப்பு. அவர் கேட்டதோ பணத்தைப் பற்றி.

எத்தனை வார்த்தை, புள்ளியா பத்தியா என்பதையெல்லாம் விடுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள்.

உங்கள் தேடல் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். `cataract` என்ற சொல் முக்கியமாக இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, கண்புரைக்கு உச்சவரம்பு சொல்லும் இடம்: காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இதில் எது குறைவோ அது, ஒரு பாலிசி ஆண்டில் ஒரு கண்ணுக்கு. இன்னொன்று `Excl02` பட்டியல்: 24 மாதம் தொடர்ந்து பாலிசி இருந்த பிறகே பணம் கிடைக்கும் நோய்கள். இரண்டையும் எடுத்துவிட்டீர்கள். உங்கள் விடையைத் தீர்மானிக்கிற மற்ற வாக்கியங்களில் அந்தச் சொல்லே கிடையாது. "ஒவ்வொரு கிளெய்முக்கும் 5 சதவீதம் கோ-பே", அதாவது அந்தப் பங்கை நாமே கட்ட வேண்டும், என்கிற விதிக்குக் கண்புரையைப் பேர் சொல்லி அழைக்க வேண்டிய அவசியம் என்ன? எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விதி எதையும் பேர் சொல்லாது. ஆகவே சொல்லைத் தேடுபவர் கண்ணில் அது படாது. நீண்ட பத்திரங்களைச் சுருக்குகிறவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழி இது. ஒப்பந்தமானாலும் அரசாணையானாலும் இதே கதைதான்: குறிப்பிட்ட விதி பேரோடு இருக்கும், அதைக் கட்டுப்படுத்தும் பொது விதி பேரில்லாமல் வேறு பக்கத்தில் இருக்கும்.

அதனால் சொல்லைத் தேடாதீர்கள், கேள்வியை உடையுங்கள். பணம் வருமா என்பதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. இந்தச் சிகிச்சை பாலிசிக்குள் வருகிறதா? காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா? உச்சவரம்பு எவ்வளவு? அதிலிருந்து என்ன கழியும்? ஒவ்வொன்றுக்கும் பத்திரத்தை முதலிலிருந்து புரட்ட வேண்டும். அலுப்பான வேலைதான். குறுக்குவழி இல்லை.

முதல் கேள்விக்கு வாசலிலேயே விடை கிடைத்துவிடுகிறது: 24 மணி நேரம் படுக்கையில் இருக்கத் தேவையில்லாத டே-கேர் சிகிச்சைக்கும், கண்புரைக்கும், பாலிசியில் இடமுண்டு. இரண்டாவதில்தான் நீங்கள் ஏமாந்தீர்கள். 24 மாதம் 2025 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். அதே `Excl02`க்குள் இன்னொரு வாக்கியம் இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? பட்டியலில் உள்ள நோய், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக்குள்ளும் வந்தால், இரண்டில் எது நீளமோ அது பொருந்தும். ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லும் `Excl01`, அந்த நோயை மட்டுமல்ல, அதன் நேரடிப் பின்விளைவையும் சேர்த்தே விலக்குகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை. சர்க்கரை கண்புரையைச் சீக்கிரம் கொண்டுவரும். கம்பெனி அந்த நூலைப் பிடித்து இழுத்தால் கணக்கு 24 மாதமல்ல, 36 மாதம். அதாவது 2026 ஆகஸ்ட் 10.

இது சர்க்கரையால் வந்த புரையா, வயதால் வந்ததா என்பதைப் பத்திரம் சொல்லாது. அதை நீங்களும் சொல்லக் கூடாது. "பத்திரத்தில் இதற்கு விடை இல்லை, டாக்டரின் குறிப்பில்தான் இருக்கும்" என்று எழுதுவதும் சுருக்கத்தின் பகுதியே. பலர் இந்த இடத்தில் வெட்கப்பட்டு எதையாவது ஊகித்து நிரப்பிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு எது பத்திரம், எது ஊகம் என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது.

மூன்றாவதில் ஒரு வேடிக்கை. காப்பீட்டுத் தொகையைக் கூட்டினால், கூட்டிய பங்குக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். நீங்கள் 2024இல் கூட்டிய 1 லட்சத்துக்கு 24 மாதம் இன்னும் ஆகவில்லை. இந்த விதியைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 லட்சத்தில் 25 சதவீதம் 75,000, பழைய 2 லட்சத்தில் 50,000. இரண்டுமே 40,000க்கு மேல். எது குறைவோ அது என்பதால் எப்படியும் 40,000தான். விடையை மாற்றாத விதி அப்பாவின் தாளில் எதற்கு? விட்டுவிடுங்கள். பில்லில் கழிக்கப்படும் கையுறை, பஞ்சு போன்றவற்றின் நீண்ட இணைப்புப் பட்டியலும் அப்படியே. 62,000இல் கழித்தது போக 40,000க்குக் குறையாதவரை அதற்கு இங்கே வேலையில்லை.

`Excl15` பற்றி நீங்கள் எழுதிய அரைப் பக்கத்தை அடித்தே விட்டேன். அது 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சை பற்றியது. கண் என்ற ஒரே உறவில் உள்ளே வந்துவிட்டது. `Excl02`இல் காது, மூக்கு, மூலநோய் எல்லாவற்றையும் படியெடுத்தது ஏனோ?

நான்காவது கழிவு. கோ-பே கணக்கிடுவது பில் தொகையில் அல்ல, விதிகளின்படி தரவேண்டிய தொகையில். 62,000இல் 5 சதவீதம் 3,100 என்று நீங்கள் ஓரத்தில் போட்ட கணக்கு தவறு. 40,000இல் 5 சதவீதம், 2,000.

இனி அப்பாவுக்கு இதைக் கொடுங்கள்:

"அம்மாவின் புரை சர்க்கரையால் வந்ததல்ல என்று கம்பெனி ஏற்றால் பணம் வரும். 62,000இல் 38,000 அவர்கள் தருவார்கள், 24,000 நம் கையிலிருந்து போகும். ஒரு கண்ணுக்கு உச்சவரம்பு 40,000, அதில் 5 சதவீதம் நம் பங்கு. சர்க்கரையின் நேரடி விளைவு என்று முடிவு செய்தால் 2026 ஆகஸ்ட் 10 வரை ஒன்றும் வராது. எது என்று பத்திரத்தில் இல்லை. டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு 48 மணி நேரம் முன்பாவது கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும்."

கடைசி வாக்கியத்தை அப்பா கேட்கவில்லை, தெரியும். ஆனால் அதைத் தவறவிட்டால் கிளெய்மில் சிக்கல் வரும், அதனால் அது கேள்விக்குள் அடங்கியதே. புதுப்பித்தல் சலுகை, போனஸ், வரிவிலக்கு எதுவும் அப்படி அடங்காது.

ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பத்திரத்தின் விதி எண்ணையும் பக்க எண்ணையும் பென்சிலால் எழுதிவையுங்கள். "அல்லது", "எது குறைவோ", "எது நீளமோ", "தவிர" என்று வரும் இடங்களை உங்கள் சொல்லில் மாற்றாமல் மூலத்தில் இருப்பதுபோலவே வையுங்கள். உங்கள் இரண்டு பக்கத்தில் "40,000 வரை கிடைக்கும்" என்று மட்டும் இருந்தது. 25 சதவீதம் காணாமல் போயிருந்தது. உங்களுக்கு அதனால் நஷ்டமில்லை. இதே தாளைப் பார்த்து 1 லட்சம் பாலிசி வைத்திருக்கும் சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் போனால் அவருக்கு உச்சவரம்பு 25,000.

அம்மாவின் டாக்டரைப் பார்க்கப் போகும்போது சர்க்கரை எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்ற பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.